விரலில் 97 காட்டுகிறது, ஆனால் அக்கா பகலெல்லாம் தூங்கி விழுகிறார்: கூன் முதுகும் மூச்சும்

தங்கச்சிமடத்தான்

வணக்கம். என் அக்காவைப் பற்றிக் கேட்க வந்தேன். வயது 44. மூன்று வயதிலேயே முதுகு வளைய ஆரம்பித்து, இப்போது வலது பக்க விலா எலும்புகள் பின்னால் புடைத்து, இடது தோள் தாழ்ந்து இருக்கும். அந்தக் காலத்தில் யாரிடமும் ஒழுங்காகக் காட்டவில்லை. ஆனாலும் வலை பின்னி, சமைத்து, கோயிலுக்கு நடந்து என்று எல்லாம் செய்துகொண்டிருந்தார். மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். அது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

போன மழைக்காலத்திலிருந்து ஆளே மாறிவிட்டார். காலையில் எழுந்ததும் தலைவலி, பத்து மணிக்கு மேல் தானாகக் குறைகிறது. வலையை மடியில் போட்டபடியே தூங்கிவிடுகிறார். இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. ஒரு கிளினிக்கில் இழுப்பு என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பலன் இல்லை. விரலில் மாட்டும் கருவியில் 86 காட்டியதும் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். 3 லிட்டரில் வைத்திருக்கிறோம். இப்போது 97 காட்டுகிறது. ஆனால் தூக்கம் இன்னும் அதிகமாகிவிட்டது. நேற்று இரவு இறந்துபோன அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். கையை நீட்டச் சொன்னால் விரல்கள் படபடவென்று ஆடுகின்றன.

ஆக்சிஜனை 5 ஆக்கினால் தெளிவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_காதர்

தம்பி, 97 என்றால் நல்ல அளவுதான், பயப்பட வேண்டாம். கூன் இருப்பவர்களுக்கு நுரையீரல் விரிய இடம் போதாது, அதனால் ஆக்சிஜன் குறையும். அதைத்தான் மெஷின் ஈடுகட்டுகிறது. பல மாதம் சரியாகத் தூங்காதவருக்கு இப்போது தூக்கம் வருவது இயற்கை. எங்கள் அம்மாவுக்கும் இளைப்பு உண்டு. இரவில் லேசான தூக்க மாத்திரை ஒன்று கொடுத்த பிறகு நிம்மதியாக இருக்கிறார். இன்னொன்று, சின்ன வயதில் கூன் விழுந்தது என்றால் எலும்பு டிபியாக இருந்திருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலாடி_மருத்துவர்

தங்கச்சிமடத்தான், முதலில் இதைப் படியுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ஆக்சிஜனை ஏற்றவும் வேண்டாம். இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷினும் தமனி ரத்தத்தில் கேஸ் டெஸ்ட் எடுக்கும் வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். ஆக்சிஜனை ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. விரலில் 88-க்கும் 92-க்கும் இடையில் நிற்கும் அளவுக்கு லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி, வண்டியில் வருபவரிடம் "முதுகு வளைவு, கரியமில வாயு தேங்கியிருக்கலாம்" என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், அவர்கள் கையாளும் விதமே மாறும்.

காலைத் தலைவலி, பகல் தூக்கம், பிதற்றல், நீட்டிய கை படபடப்பது. இவை நான்கும் சேர்ந்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். விரல் கருவிக்கு ஆக்சிஜனை மட்டுமே பார்க்கத் தெரியும். வெளியேறாமல் உள்ளே நிற்கும் வாயுவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் 97 என்றால் அது நல்ல செய்தி. மெஷினோடு 97 என்பது, மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மறைத்துவிடும்.

கடலாடி_மருத்துவர்

அவர் கிளம்பியிருப்பார் என்று நம்புகிறேன். காதர் பாய் சொன்னதில் பாதி சரி என்பதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நுரையீரல் விரிய இடம் போதவில்லை என்பது உண்மை. அதைவிட முக்கியம், விலா எலும்புக் கூடு இறுகிப்போவது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது கூடவே முறுக்கிக்கொள்கிறது. ஒரு பக்க விலா எலும்புகள் விசிறிபோல் விரிகின்றன, மறுபக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட நெஞ்சைத் துருப்பிடித்த கீல் போட்ட கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கவும் அதிக பலம் வேண்டும். அதனால் உடம்பு ஒரு வழி கண்டுபிடிக்கிறது: ஆழமாக இழுக்காமல், சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு விடுகிறது.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி காற்று மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும். அது ரத்தத்தைத் தொடாது. ஒருவர் 500 மில்லி வீதம் நிமிடத்துக்கு 14 முறை மூச்சு விட்டால் மொத்தம் 7 லிட்டர். வீணாவது போக, பயன்படுவது 4.9 லிட்டர். இன்னொருவர் 250 மில்லி வீதம் 28 முறை விட்டாலும் மொத்தம் அதே 7 லிட்டர்தான். ஆனால் பயன்படுவது வெறும் 2.8 லிட்டர். உருவம் சிறியவர்களுக்கு வீணாகும் அளவு கொஞ்சம் குறையும் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு "நன்றாக வேகமாகத்தானே மூச்சு விடுகிறார்" என்று தோன்றும். கரியமில வாயு மட்டும் வெளியேறாமல் நிற்கும்.

இது முதலில் தூக்கத்தில்தான் தொடங்கும். கனவு வரும் தூக்கத்தில் கழுத்துத் தசை, விலா இடைத் தசை எல்லாம் தளர்ந்துவிடும், உதரவிதானம் மட்டும் தனியாக வேலை செய்யும். வளைந்த நெஞ்சில் அந்த உதரவிதானமும் கோணலாக இருக்கிறது. எனவே இரவில் வாயு ஏறும், காலையில் தலைவலியாகத் தெரியும், எழுந்து நடமாடியதும் குறையும். பல மாதம் இப்படி ஓடிய பிறகுதான் பகலிலும் ஏறத் தொடங்கும்.

ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் ஏன் மோசமாகிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. மூச்சுக்கான தூண்டுதல் மங்குவது ஒன்று. நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் திருப்பிவிடப்படுவது இன்னொன்று. எது எவ்வளவு என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நோயாளிக்கு நேர்வது ஒன்றேதான்: விரலில் எண் ஏறும், ஆள் மயங்குவார்.

எலும்பு டிபி பற்றி: நம் நாட்டில் அது நினைக்க வேண்டிய காரணம்தான். ஆனால் அதில் முதுகு பெரும்பாலும் ஒரே இடத்தில் கூர்மையாக முன்பக்கம் மடியும். இவர் சொல்வதுபோல் பக்கவாட்டில் வளைந்து, முறுக்கி, விலா புடைப்பது வேறு வகை. படம் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

தொண்டிக்காரர்

இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மகனுக்கு 14 வயது. பள்ளியில் சட்டை அளவெடுக்கும்போது ஒரு தோள் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ரேயில் வளைவு 28 டிகிரி என்று எழுதியிருக்கிறார்கள். அவனுக்கும் இந்தப் பைபேப் மெஷின் வாங்க வேண்டுமா? கடலில் நீந்துவதை நிறுத்திவிட்டேன். விரலில் மாட்டும் கருவியும் வாங்கிவிட்டேன், 98 காட்டுகிறது, அதை நம்பலாமா?

கடலாடி_மருத்துவர்

அண்ணே, உங்கள் மகன் கதை வேறு. அவனை நீந்த விடுங்கள்.

இரண்டு விஷயம் வித்தியாசப்படுத்துகிறது. ஒன்று, எந்த வயதில் வளைவு தொடங்கியது என்பது. நுரையீரலின் காற்றறைகள் பிறந்த பிறகும் குழந்தைப் பருவம் முழுக்கப் பெருகுகின்றன, அதிலும் முதல் சில வருடங்களில்தான் வேகம் அதிகம். ஐந்து வயதுக்கு முன்பே நெஞ்சு வளைந்தால் நுரையீரலே சிறியதாக வளரும். பதின்ம வயதில் தொடங்கும் வளைவுக்குள் இருப்பது ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நுரையீரல். இரண்டாவது, எவ்வளவு வளைவு என்பது. மூச்சு பற்றிய கவலை பொதுவாக 70 டிகிரிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. நெஞ்சுப் பகுதியில் 100 டிகிரியைத் தாண்டியவர்களிடம்தான் மூச்சு செயலிழப்பை அதிகம் பார்க்கிறோம். 28 டிகிரி அதற்கு ரொம்ப தூரம்.

அவனுக்குச் செய்ய வேண்டியது, எலும்பு மருத்துவரிடம் வளைவு கூடுகிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது. வளர்ச்சி இன்னும் மிச்சம் இருந்தால் 25 டிகிரிக்கு மேல் பட்டை அணியச் சொல்வார்கள். அதை அவன் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டுக்கொள்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் பலன் தெரியும். அந்த விரல் கருவியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அவனுக்கு அது தேவையில்லை.

சாயல்குடி_முருகன்

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி மெஷினை ஒருமுறை மாட்டினால் நுரையீரல் சோம்பேறியாகிவிடும், அப்புறம் கழற்றவே முடியாது என்று எங்கள் ஊரில் பலரும் சொல்கிறார்கள். மூச்சுப் பயிற்சியால் நெஞ்சை விரிக்க முடியாதா? பலூன் ஊதச் சொல்கிறார்களே?

ஏர்வாடி_பானு

முருகன் அண்ணன், நான் அந்த மெஷினோடு வாழ்கிறவள். எனக்கு வயது 51, கூன் பிறவியிலேயே வந்தது. ஏழெட்டு வருடமாக இரவில் மட்டும் பைபேப் போட்டுத் தூங்குகிறேன், பகலில் மெஷின் கிடையாது. சோம்பேறியாகிவிடும் என்று என்னிடமும் சொன்னார்கள். மெஷின் வருவதற்கு முன்னால்தான் என்னால் எதுவும் முடியவில்லை. காலையில் தலையைத் தூக்க முடியாது, பேத்தியைத் தொட்டிலில் ஆட்டும்போதே தூங்கிவிடுவேன். இப்போது கடைக்குப் போகிறேன், கணக்குப் பார்க்கிறேன். இரவெல்லாம் மூச்சுத் தசைக்கு ஓய்வு கிடைப்பதால்தான் பகலில் அதனால் வேலை செய்ய முடிகிறது என்று என் டாக்டர் சொன்னார்.

பலூன் ஊதிப் பார்த்தவள்தான் நான். சளி எடுக்கக் கொஞ்சம் உதவியது, தலைவலிக்கு ஒன்றும் செய்யவில்லை.

கடலாடி_மருத்துவர்

பானு அக்கா சொன்னது சரி. முருகன், பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடப்பதும் சளி வெளியேற்றும் பயிற்சியும் நல்லது. ஆனால் இறுகிப்போன விலாக் கூட்டைப் பயிற்சி நெகிழ வைக்காது. 2006-ல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், முதுகு வளைவால் மூச்சு செயலிழந்தவர்களில் வீட்டில் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களையும் மூச்சு மெஷின் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். மெஷின் பெற்றவர்கள் தெளிவாகவே அதிக காலம் வாழ்ந்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் இந்த நோயில் மெஷின் கொடுக்காமல் ஒரு குழுவை வைத்துப் பார்ப்பது இனி யாருக்கும் நியாயமாகப் படாது.

தங்கச்சிமடத்தான்

எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் எழுத முடியவில்லை. அன்று 108-ல் ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரைக்கு மாற்றினார்கள். டாக்டர் சொன்ன அந்த ஒரு வரியை வண்டியில் சொன்னேன். அவர்கள் உடனே ஆக்சிஜனைக் குறைத்தார்கள்.

சீட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். pCO2 என்பது ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவாம், HCO3 என்பது பைகார்பனேட்டாம். சேர்த்தபோது:

```
pH 7.26   pCO2 84   HCO3 36
```

ஐசியூவில் பைபேப் போட்டார்கள். முதல் இரவு முகமூடியைப் பிடுங்கி எறிந்தார், நான் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை கண் திறந்து "வலையை யார் எடுத்து வைத்தது" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது:

```
pH 7.38   pCO2 58   HCO3 33
```

எக்ஸ்ரேயில் வளைவு 110 டிகிரி என்றார்கள். எக்கோவில் இதயத்தின் வலது பக்கம் பெருத்திருக்கிறதாம், கால் வீக்கம் அதனால்தானாம். மெஷினில் S/T என்ற முறை, மூச்சு இழுக்கும்போது தள்ளும் அழுத்தம் IPAP 20, விடும்போது EPAP 5, ஒரு நிமிடத்துக்கு 16 மூச்சு என்று வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரியாதது ஒன்று. ஆறு மாதம் முன்பு ஊதுகிற டெஸ்ட் எடுத்தபோது 50 சதவீதம், பாதி இருக்கிறது, பரவாயில்லை என்றார்கள். இப்போது மதுரையில் அதே டெஸ்ட்டில் 32 சதவீதம் என்கிறார்கள். ஊதிய அளவு இரண்டிலும் 0.9 லிட்டர்தான். ஆறு மாதத்தில் நுரையீரல் இவ்வளவு கெட்டுவிட்டதா?

கடலாடி_மருத்துவர்

அவர் கண் திறந்தார் என்று படித்ததும் மனம் லேசானது.

நுரையீரல் கெடவில்லை. ஊதிய அளவு மாறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாறியது, எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது. அந்தக் கருவி ஒருவரின் உயரம், வயது, பால் ஆகியவற்றை வைத்து "இவருக்கு இவ்வளவு இருக்க வேண்டும்" என்று ஓர் அளவைக் கணக்கிடும். முதுகு மடங்கியவரை நிற்கவைத்து அளந்தால் உயரம் குறைவாகத்தான் வரும். குறைந்த உயரத்துக்குக் குறைந்த எதிர்பார்ப்பு. அப்போது கெட்டுப்போன நுரையீரல்கூடச் சுமாராகத் தெரியும். உங்கள் அக்கா நிற்கும்போது உயரம் 132 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்தால் 154 போல வரும். அதுதான் வளைவு இல்லாவிட்டால் அவருக்கு இருந்திருக்கக்கூடிய உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மதுரையில் கையை அளந்து போட்டிருப்பார்கள்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதல் டெஸ்ட்டிலேயே கையை அளந்து 32 என்று வந்திருந்தால், அன்றைக்கே இரவு மூச்சைப் பற்றி யாராவது யோசித்திருப்பார்கள். வீட்டில் கூன் உள்ளவர் இருந்தால், ஊதுகிற டெஸ்ட்டுக்குப் போகும்போது "கையை அளந்து போடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். இன்னொன்று, சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பைகார்பனேட் 27-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், இரவில் வாயு ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லும் குறிப்பு அது. உங்கள் அக்காவுக்கு 36. இவ்வளவு ஏற மாதக்கணக்கில் தேங்கியிருக்க வேண்டும், ஓரிரு நாளில் இது வராது.

இழுப்பு மருந்து பலிக்காததும் இதனால்தான். இவருக்கு அடைப்பு இல்லை, அளவே சிறியது. முறுக்கிய நெஞ்சில் சிலருக்கு மூச்சுக்குழாய் ஒரு பக்கம் நசுங்கி வீசிங் சத்தம் கேட்கும், அப்படிப்பட்டவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம்.

கீழக்கரை_காதர்

டாக்டர், தூக்க மாத்திரை பற்றி நான் சொன்னதைப் படித்து யாராவது செய்துவிடப் போகிறார்கள், கவனமாக இருங்கள். தம்பி, அக்கா நலமாக இருக்க துஆ செய்கிறேன். ஒரு சந்தேகம். வளைவுதான் காரணம் என்றால் ஆபரேஷன் செய்து நிமிர்த்திவிட்டால் முடிந்துவிடாதா?

தங்கச்சிமடத்தான்

அதை நாங்களும் கேட்டோம், காதர் அண்ணே. நெஞ்சு நோய் மருத்துவர் வேண்டாம் என்றார். எலும்பு மருத்துவர், தலையில் வளையம் மாட்டிச் சில வாரம் மெதுவாக இழுத்து, பிறகு செய்யலாம் என்றார். அக்கா பயப்படுகிறார். முடிவெடுக்கவில்லை.

கடலாடி_மருத்துவர்

இதில் எனக்கும் ஒரே பதில் இல்லை. சிறு வயதில் வளைவைத் தடுப்பதற்கும் 44 வயதில் நிமிர்த்துவதற்கும் நிறைய வித்தியாசம். வளராமல் போன நுரையீரலை ஆபரேஷன் திருப்பிக் கொடுக்காது, விலாக் கூட்டின் இறுக்கமும் அப்படியே இருக்கும். கரியமில வாயு ஏறிய ஒருவருக்கு மயக்க மருந்தே பெரிய அபாயம். தலையில் வளையம் மாட்டி இழுக்கும் முறையில் மூச்சு ஓரளவு கூடியவர்களும் உண்டு என்பதால் எலும்பு மருத்துவர் சொன்னதை ஒதுக்கிவிடவும் மாட்டேன். எதுவானாலும் பைபேப் போட்டுச் சில மாதம் தேறிய பிறகு யோசிப்பது நல்லது. எந்தச் சின்ன ஆபரேஷனுக்கும், பல் எடுப்பதற்குக்கூட, இந்தச் சீட்டைக் காட்டாமல் மயக்க மருந்து போட விடாதீர்கள்.

ஏர்வாடி_பானு

தம்பி, உன் அக்காவுக்காக நான் பட்டதையெல்லாம் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

முகமூடியின் முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து காற்று உஸ் என்று வந்துகொண்டே இருக்கும். அதைக் கசிவு என்று நினைத்து யாரும் பிளாஸ்திரி ஒட்டிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் ஒட்டிவிட்டார்கள். விடும் மூச்சு அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அடைத்தால் அதே காற்று திரும்ப உள்ளே வரும்.

வாரை இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டில் புண் வரும். முதலில் தளர்த்திக் கட்டு, மெஷினைப் போட்டபின் படுத்த நிலையில் சரிசெய். புண் வரும் இடத்தில் முன்கூட்டியே ஒரு மெத்தென்ற பட்டை ஒட்டலாம்.

ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர் நம் ஊர்த் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் கிணற்று உப்பில் தட்டு வெள்ளையாகப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். காற்றில் வரும் உப்பும் மணலும் பின்பக்க வடிகட்டியில் சேரும், அதை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

அப்புறம் கரண்ட். 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் பக்கம் வந்து நின்றபோது எங்களுக்கு இரவில் கரண்ட் இல்லை. ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டால் மெஷின் இழுப்பது சின்ன மின்விசிறி அளவுதான், இன்வெர்ட்டரில் இரவு முழுக்க ஓடியது. ஆக்சிஜன் மெஷின் அப்படியில்லை, அது ஐந்தாறு மடங்கு இழுக்கும். உன் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் அக்டோபருக்கு முன் ஏற்பாடு செய்.

தங்கச்சிமடத்தான்

ரொம்ப நன்றி பானு அக்கா. எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். இன்வெர்ட்டருக்கு மாமா பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்துப் போன பரிசோதனையில் pCO2 50, pH 7.40. காலைத் தலைவலி போய்விட்டது, கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து முகமூடியைக் கழற்றிவிடுகிறார். வாய் உலர்ந்துபோகிறது என்கிறார். கொடுத்திருப்பது மூக்கை மட்டும் மூடும் முகமூடி. மெஷினில் உள்ள அட்டையைப் படித்தவர், கசிவு அதிகம், ஒரு இரவில் நான்கு மணி நேரம்தான் ஓடுகிறது என்றார். இன்னொருவர், மெஷினோடு ஆக்சிஜனையும் ஒரு லிட்டர் சேர்த்துவிட்டால் குறைந்த நேரம் போட்டாலும் போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?

கடலாடி_மருத்துவர்

கரியமில வாயு 84-லிருந்து 50. நல்ல இறக்கம்.

ஆக்சிஜன் சேர்ப்பது பற்றிய யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மூச்சின் அளவு போதாததால் ஆக்சிஜன் இறங்குகிறதா, மூச்சு போதுமாக இருந்தும் இறங்குகிறதா என்று தெரியாமல் சேர்த்தால், மறுபடியும் விரலில் எண் மட்டும்தான் அழகாகும். மெஷினோடு தூங்கும்போது இரவு முழுக்க விரல் கருவியில் பதிவு எடுத்து, கசிவையெல்லாம் சரிசெய்த பிறகும் 88-க்குக் கீழே தொடர்ந்து கிடந்தால்தான் அந்தப் பேச்சு.

உங்கள் அக்காவின் பிரச்சினை வாய். IPAP 20 என்பது நல்ல அழுத்தம். ஆழ்ந்த தூக்கத்தில் தாடை தொங்கியதும் மூக்கில் ஊதும் காற்று வாய் வழியாகப் போய்விடுகிறது. வாய் உலர்வதும், அதே நேரத்தில் எழுந்துகொள்வதும் அதனால்தான். அழுத்தத்தைக் குறைத்துக் கேட்காதீர்கள், குறைத்தால் வாயு திரும்ப ஏறும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அது அவருக்கு ஒத்துவராவிட்டால் தாடைப் பட்டை, ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுவது. முதல் சில நாள் பகலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மணி நேரம் மாட்டிப் பழகச் சொல்லுங்கள். வலை பின்னிக்கொண்டே போடலாம்.

ஏர்வாடி_பானு

டாக்டர், நடுவில் ஒரு கேள்வி. எனக்கு மெஷினோடு ஒரு லிட்டர் ஆக்சிஜன் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். நான் அதை நிறுத்திவிடட்டுமா?

கடலாடி_மருத்துவர்

நீங்களாக நிறுத்த வேண்டாம் அக்கா. ஏழெட்டு வருடத்தில் உங்களுக்கு அது ஏன் சேர்க்கப்பட்டது என்பது உங்கள் மருத்துவரிடம் உள்ள பதிவில்தான் இருக்கும். கடைசியாக எப்போது இரவுப் பதிவும் கேஸ் டெஸ்ட்டும் எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். காலையில் மெஷினைக் கழற்றிய கொஞ்ச நேரத்துக்குள் எடுத்தால் இரவு எப்படிப் போனது என்பது அதில் தெரியும்.

தங்கச்சிமடத்தான், உங்களுக்கும் அதேதான். முகமூடி மாற்றி ஒரு மாதம் கழித்து, காலை டெஸ்ட். அட்டையில் ஓடிய நேரமும் கசிவும் என்ன என்பதையும் இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.